உங்கள் பணத்தை யார் பங்கு போடுகிறார்கள்?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் தண்ணீர் மீட்டர் பற்றிப் பேசி முடித்த பிறகு, மாடிப்படி அருகில் நின்றபடி நம் பி பிளாக் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், என் பையன் அமெரிக்காவில் ஏதோ 2055 ஃபண்டில் பணம் போடுகிறானாம். அதை எதுவும் பார்க்கவே வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறான். அப்படி ஒன்று உண்டா?" என்றார். செயலாளர் அதைக் கேட்டுவிட்டு, "இதையே அடுத்த கூட்டத்தில் பேசிவிடுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் முதலீட்டு ஆலோசகர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கவுண்டரிலும் டெபாசிட் செக்‌ஷனிலும் காலம் தள்ளி, 2019-இல் ஓய்வு பெற்றவன். எதை வாங்குங்கள், எதை விற்றுவிடுங்கள் என்று இன்று சொல்லப்போவதில்லை. "அதுவே பார்த்துக்கொள்ளும்" என்கிறார்களே, அது என்னத்தைப் பார்க்கிறது, என்னத்தைப் பார்ப்பதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். மகளுக்கு 38 வயது, இங்கே சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. கம்பெனி மூலமாக என்.பி.எஸ். கட்டுகிறாள். மகனுக்கு 35, நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே கம்பெனி வழியாக 401(k) என்ற ஓய்வுக்காலக் கணக்கு. இருவருமே பணத்தை எதில் போடுவது என்று தேர்ந்தெடுக்கவில்லை. கேட்டால் இருவரும் ஒரே பதில்தான்: "அப்பா, அது ஆட்டோமேட்டிக்."

போன பொங்கலுக்கு மகன் வந்திருந்தபோது இருவரின் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மகனின் பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குச் சந்தையில். மகளின் பணத்தில் பங்கு நாற்பத்து நான்குதான், மீதியெல்லாம் கடன் பத்திரங்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், வயதில் மூன்றே வருட வித்தியாசம், இருவரும் இன்னும் இருபது வருடத்துக்கு மேல் சம்பாதிக்கப் போகிறவர்கள். ஒருத்தருக்குத் தொண்ணூறு, இன்னொருத்தருக்கு நாற்பத்து நான்கு. இதை முடிவு செய்தது யார்? பிள்ளைகள் இல்லை. நானும் இல்லை. ஒரு அட்டவணை.

அந்த அட்டவணைக்கு அமெரிக்காவில் 'கிளைடு பாத்' என்று பெயர். விமானம் தரையிறங்கும்போது சரிவாக இறங்கி வருமே, அந்த இறங்கு பாதை. இளமையில் பங்கு அதிகம், ஓய்வு நெருங்க நெருங்கப் பங்கைக் குறைத்துப் பத்திரத்தைக் கூட்டுவது. ஃபண்டின் பெயரிலேயே ஒரு வருடம் இருக்கும்: 2030, 2040, 2055 என்று. நீங்கள் ஏறத்தாழ எந்த வருடம் ஓய்வு பெறுவீர்களோ அந்த வருடத்தின் ஃபண்ட். இதைத்தான் டார்கெட் டேட் ஃபண்ட் என்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் 'டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்ட்' என்று ஒன்று விற்கிறார்கள். அதன் பெயரிலும் வருடம் இருக்கும். ஆனால் அது வேறு. அது வெறும் பத்திரங்களை வாங்கி, அவை முதிரும் வருடத்தில் முடிந்துபோகும் ஃபண்ட். அதில் பங்கும் இல்லை, இறங்கு பாதையும் இல்லை. பெயரில் வருடத்தைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் இந்த ஃபண்ட் இவ்வளவு பரவியதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. 2006-இல் அங்கே ஓய்வூதியச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய தொழிலாளர் துறை விதிகளை வெளியிட்டது. ஊழியர் தானாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், கம்பெனி அவர் பணத்தை இப்படிப்பட்ட ஃபண்டில் போட்டுவிடலாம். விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால், பிறகு நஷ்டம் வந்தாலும் அதில் போட்டதற்காக மட்டும் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. அதனால் படிவத்தை நிரப்பாதவர்களின் பணம் எல்லாம் இதில் வந்து விழ ஆரம்பித்தது. என் மகனும் அப்படி விழுந்தவன்தான்.

நம் ஊரில் இதற்கு நேரான உதாரணம் என்.பி.எஸ்.ஸில் இருக்கும் 'ஆட்டோ சாய்ஸ்'. அதில் LC75, LC50, LC25 என்று பாதைகள் இருக்கின்றன. 2024-இல் BLC என்று இன்னொன்றும் சேர்ந்தது. எண்ணைப் பார்த்தாலே புரியும்: 35 வயது வரை எத்தனை சதவீதம் பங்கில் இருக்கும் என்பதுதான் அந்த எண். என் மகள் எதையும் சொல்லாததால் நடுப்பாதையான LC50 அவளுக்குக் கிடைத்தது. அதன் கணக்கு எளிது. 35 வயது வரை பங்கு 50 சதவீதம். அதன் பிறகு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் இரண்டு சதவீதம் குறையும். 40 வயதில் 40, 45-இல் 30, 50-இல் 20, 55-இல் 10. அந்தப் பத்தோடு நின்றுவிடும். கம்பெனிப் பத்திரம் வருடத்துக்கு ஒரு சதவீதம் குறையும், அரசுப் பத்திரம் மூன்று சதவீதம் கூடும். 55 வயதில் நூற்றுக்கு எண்பது அரசுப் பத்திரம்.

இதைச் செய்வது பிறந்த நாளன்றுதான். நாம் கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போது, அங்கே கணினி நம் கணக்கில் பங்கை விற்றுப் பத்திரம் வாங்குகிறது. எவ்வளவு விற்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வங்கிக்காரன் கணக்குப் போடாமல் விடமாட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

37-ஆவது பிறந்த நாளில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி பங்கில் 4,60,000, கம்பெனிப் பத்திரத்தில் 2,80,000, அரசுப் பத்திரத்தில் 2,60,000. புதுப் பணம் கட்டுவதை இப்போதைக்கு மறந்துவிடுவோம். அந்த வருடம் சந்தை 20 சதவீதம் ஏறுகிறது, பத்திரங்கள் 7 சதவீதம் கொடுக்கின்றன. வருட முடிவில் பங்கு 5,52,000 ஆகியிருக்கும். மொத்தம் 11,29,800. 38-ஆவது பிறந்த நாளில் பங்கு 44 சதவீதம்தான் இருக்க வேண்டும், அதாவது 4,97,112. ஆகவே கணினி 54,888 ரூபாய்க்குப் பங்கை விற்று, 49,442-க்கு அரசுப் பத்திரமும் 5,446-க்குக் கம்பெனிப் பத்திரமும் வாங்கிவிடும். ஏறியதில் கொஞ்சம் எடுத்துப் பத்திரமாக வைத்தாயிற்று.

இப்போது அதே வருடம் சந்தை 20 சதவீதம் இறங்கியது என்று வையுங்கள். பங்கு 3,68,000 ஆகிவிட்டது. மொத்தம் 9,45,800. அதில் 44 சதவீதம் என்றால் 4,16,152. கையில் இருப்பதோ 3,68,000. அப்படியானால் கணினி என்ன செய்யும்? விற்காது. பத்திரத்தை விற்று 48,152 ரூபாய்க்குப் பங்கு வாங்கும்!

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சந்தை விழுந்து, டி.வி.யில் சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருக்கும் நாளில், நம்மில் எத்தனை பேர் எஃப்.டி.யை உடைத்துப் பங்கு வாங்குவோம்? நான் வாங்கமாட்டேன். இந்த அட்டவணை வாங்கும், ஏனென்றால் அதற்கு டி.வி. பார்க்கும் பழக்கம் இல்லை. கை வைக்காமல் விட்டுவைப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான லாபம் இதுதான். அதுவும் என்.பி.எஸ். கணக்குக்குள் இப்படி மாற்றும்போது வரி கிடையாது. 401(k)-யிலும் அப்படித்தான். இதையே நீங்கள் சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் செய்தால் விற்பனைக்கு மூலதன ஆதாய வரி உண்டு.

சரி, நல்லதைச் சொல்லிவிட்டேன். இனி குறையைச் சொல்ல வேண்டும்.

முதல் குறை, இறங்கு பாதை எங்கே போய் முடிகிறது என்பது. விமானம் எந்த ஊரில் இறங்கும் என்று கேட்காமல் ஏறி உட்காருவோமா? இதில் உட்காருகிறோம். சில ஃபண்டுகள் ஓய்வு பெறும் வருடத்தோடு இறக்கத்தை முடித்துவிடும். சில, அதற்குப் பிறகும் பல வருடங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். வான்கார்டு என்ற பெரிய நிறுவனத்தின் ஃபண்டுகளில், ஓய்வுக்கு ஏறத்தாழ 25 வருடம் முன்பு வரை பங்கு 90 சதவீதம். ஓய்வு பெறும் வருடத்தில் சுமார் 50. அதற்கு ஏழு வருடம் கழித்துதான் சுமார் 30 சதவீதத்தில் நிற்கும். நம் LC50 55 வயதிலேயே 10-இல் நின்றுவிடுகிறது. இரண்டும் "உங்கள் வயதுக்கு ஏற்ற" பாதை என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பது 2008-இல் தெரிந்தது. அந்த வருடம் அமெரிக்கப் பங்குச் சந்தை 37 சதவீதம் விழுந்தது. 2010 என்று பெயர் போட்ட ஃபண்டுகளில் இருந்தவர்கள், இரண்டே வருடத்தில் ஓய்வு பெற வேண்டியவர்கள். பெயரை நம்பி, பணம் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். அங்கே நம் செபி போல இருக்கும் எஸ்.இ.சி. என்ற அமைப்பு பின்னால் கணக்கெடுத்துச் சொன்னது: அந்த 2010 ஃபண்டுகள் சராசரியாக ஏறத்தாழ 24 சதவீதம் இழந்தன. குறைவாக இழந்தது சுமார் 9 சதவீதம், அதிகமாக இழந்தது சுமார் 41 சதவீதம்.

அதாவது ஒரு லட்சம் டாலர் வைத்திருந்த ஒருவருக்கு 91,000 மிஞ்சியது. அதே வயது, அதே 2010 என்ற பெயர், வேறு கம்பெனி ஃபண்ட், இன்னொருவருக்கு 59,000 மிஞ்சியது. இருவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. இருவரும் படிவத்தில் ஒரே வருடத்தைத்தான் பார்த்திருப்பார்கள். உள்ளே எத்தனை சதவீதம் பங்கு என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்காக என் மகளுடைய 10 சதவீதம்தான் உத்தமம் என்று சொல்லிவிட முடியுமா? அதுவும் முடியாது. 55 வயதில் பங்கை 10-க்குக் கொண்டுவந்துவிட்டால் சந்தை விழுந்தாலும் பயமில்லை. ஆனால் 55 வயதுக்காரர் இன்னும் முப்பது வருடம் வாழக்கூடும். பால் விலையும் மருந்து விலையும் அந்த முப்பது வருடம் ஏறும். விழுவது ஒரு ஆபத்து, தேய்வது இன்னொரு ஆபத்து. விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். தேய்வது எழுபத்தைந்து வயதில்தான் தெரியும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது. 2024-இல் கொண்டுவந்த BLC பாதையில் 45 வயது வரை பங்கு 50 சதவீதமாகவே இருந்து, 55-இல் 35 ஆகும்படி வைத்தது இந்தத் தேய்மானத்துக்குப் பதிலாகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஒரே ஓய்வூதியத் திட்டத்துக்குள்ளேயே 55 வயதுக்கு 10 என்றும் ஒரு பதில், 35 என்றும் ஒரு பதில். ஆகவே வயதைச் சொன்னால் சரியான சதவீதம் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது ஒருவர் போட்ட கணக்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது குறை, இந்த அட்டவணைக்கு நம் வயது மட்டும்தான் தெரியும். வயது போதாது, இன்னும் நாலு விஷயம் கேட்போம் என்று வந்தவைதான் தானியங்கி ஆலோசனைத் தளங்கள். ரோபோ அட்வைசர் என்பார்கள். ரோபோ என்று எதுவும் வந்து நிற்காது. ஒரு கேள்வித்தாள், அவ்வளவுதான். அமெரிக்காவில் 2010 வாக்கில் தொடங்கியது, இப்போது நம் ஊர் செயலிகளிலும் இருக்கிறது. வயது என்ன, வருமானம் என்ன, பணம் எத்தனை வருடம் கழித்து வேண்டும், சந்தை 20 சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று பத்துப் பதினைந்து கேள்வி. பதில்களுக்கு மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணுக்கு ஏற்ற கலவையை ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் சில கலவைகளிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

நானே போட்டுப் பார்த்தேன். ஒரு செயலியில், சந்தை நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒரு மாதத்தில். "20 சதவீதம் விழுந்தால்?" என்ற கேள்விக்குச் சிங்கம் போல "இன்னும் வாங்குவேன்" என்று தட்டினேன். பங்கு 55 சதவீதம் என்று வந்தது. சில மாதம் கழித்து, சந்தை நாலு நாள் தொடர்ந்து இறங்கிய வாரத்தில் அதே செயலி, அதே கேள்விகள். இந்த முறை கை தானாக "பொறுத்துப் பார்ப்பேன்" என்பதற்குப் போனது. பங்கு 35 என்று வந்தது. என் வயது மாறவில்லை, வருமானம் மாறவில்லை, தேவை மாறவில்லை. மாறியது அன்றைய மனநிலை. மேலே இருக்கும்போது அதிகமாக வாங்கச் சொல்லியது, கீழே இருக்கும்போது குறைக்கச் சொல்லியது. இது நல்ல வியாபாரிக்கு நேர் எதிர்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அந்தக் கேள்வித்தாள் என்னிடம் பென்ஷன் வருகிறதா என்று கேட்கவே இல்லை. எனக்கு மாதம் முதல் தேதி வங்கிப் பென்ஷன் வந்துவிடும், டி.ஏ.யோடு. எனக்குப் பிறகு என் மனைவிக்கும் ஒரு பகுதி வரும். பென்ஷன் என்பது என்ன? விற்க முடியாத, ஆனால் மாதாமாதம் வட்டி கொடுக்கும் ஒரு பெரிய பத்திரம். நம் எதிர் வீட்டில், கடை நடத்தி ஓய்வு பெற்ற என் வயது நண்பர் இருக்கிறார். அவருக்குப் பென்ஷன் கிடையாது. சேமிப்பை எடுத்துத்தான் மாதச் செலவு. நாங்கள் இருவரும் ஒரே பதில்களைத் தட்டினால் எங்கள் இருவருக்கும் ஒரே கலவைதான் வரும். ஆனால் சந்தை விழும் வருடத்தில் நான் பங்கைத் தொடாமல் காத்திருக்க முடியும். அவர் விழுந்த விலையில் விற்று மளிகைக்குக் கொடுக்க வேண்டும். கேள்வித்தாளுக்கு இருவரும் ஒன்று. வாழ்க்கைக்கு இருவரும் வேறு.

இளையவர்களுக்கும் இது பொருந்தும். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு அரசு வேலை, பி.எஃப்.பில் பல லட்சம், வீட்டுக் கடன் பாதி பாக்கி, அப்பா அம்மா மருத்துவச் செலவு. இவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தின் கலவை. செயலி பார்ப்பது தன்னிடம் கொடுத்த பணத்தை மட்டும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது, பழைய வங்கிக்காரன் என்ற முறையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. கலவையைப் போடுகிறவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் சார்லஸ் ஷ்வாப் என்ற பெரிய நிறுவனம் 2015-இல் ஒரு தானியங்கித் தளம் தொடங்கியது. ஆலோசனைக் கட்டணம் ஒரு பைசா கிடையாது என்றது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அது போட்டுக்கொடுத்த ஒவ்வொரு கலவையிலும் ஒரு பகுதி ரொக்கமாக இருந்தது. குறைந்தது 6 சதவீதம், சிலருக்கு ஏறத்தாழ 29 சதவீதம் வரை. அந்த ரொக்கம் எங்கே போனது? அவர்களுடைய சொந்த வங்கிக்கு. வங்கி அதற்குக் குறைந்த வட்டி கொடுத்து, அதிக வட்டிக்குக் கடன் கொடுத்து, நடுவில் இருப்பதை எடுத்துக்கொண்டது.

நான் டெபாசிட் செக்‌ஷனில் இருந்தவன். எஸ்.பி. கணக்கில் சும்மா கிடக்கும் பணம்தான் கிளைக்கு அமிர்தம் என்பது எங்களுக்குத் தெரியும். எஸ்.பி., கரண்ட் அக்கவுன்ட் இரண்டையும் கூட்டச் சொல்லி மேனேஜர்கள் விரட்டாத மாதம் இல்லை. கஸ்டமருக்கு நல்லதைச் சொல்ல வேண்டுமானால் "இதை எஃப்.டி.யாகப் போடுங்கள்" என்று சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொன்னோம் என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதே வேலையைத்தான் அங்கே ஒரு கணினி செய்திருக்கிறது.

2022 ஜூனில் எஸ்.இ.சி. இது பற்றி நடவடிக்கை எடுத்தது. முறையான ஆய்வுப்படி ரொக்க அளவை நிர்ணயிக்கிறோம் என்று நிறுவனம் விளம்பரப்படுத்தியது. ஆனால் பெரும்பாலான சூழ்நிலைகளில் இந்த ரொக்கத்தால் வாடிக்கையாளருக்கு லாபம் குறையும் என்று அவர்களுடைய சொந்தக் கணக்கே காட்டியது. அதை வெளியே சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 18 கோடியே 70 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

கட்டணம் இல்லை என்பதன் விலையை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 10 லட்சத்தில் 15 சதவீதம் ரொக்கம் என்றால் ஒன்றரை லட்சம். அது வேறிடத்தில் இருந்தால் வருடத்துக்கு 3 சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று வையுங்கள். 4,500 ரூபாய் போயிற்று. மொத்தப் பணத்தில் இது 0.45 சதவீதம். பில்லில் வராத கட்டணம். பில்லில் வராததால் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. செயலி உங்களுக்குப் பரிந்துரைத்த மியூச்சுவல் ஃபண்டின் முழுப்பெயரைப் படியுங்கள். அதில் 'Direct' என்று இருந்தால் விநியோகஸ்தருக்குக் கமிஷன் கிடையாது. 'Regular' என்று இருந்தால் நீங்கள் வைத்திருக்கும் வரை வருடா வருடம் கமிஷன் போய்க்கொண்டிருக்கும். கமிஷன் வாங்குவது குற்றமில்லை. ஆனால் அப்போது அந்தச் செயலி ஆலோசகர் இல்லை, விற்பனையாளர். செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்தவரா, விநியோகஸ்தரா என்பது செயலியின் அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

கடைசியாக, நாம் நம் கையாலேயே செய்யும் ஒரு தவறு. இதை என் மகன் செய்திருந்தான். 2055 ஃபண்ட் சும்மா மெதுவாகப் போகிறது, அமெரிக்க இண்டெக்ஸ் ஃபண்ட் நன்றாக ஓடுகிறது என்று, பணத்தில் 60 சதவீதத்தை 2055-இலும் 40 சதவீதத்தை இண்டெக்ஸ் ஃபண்டிலும் போட்டுவைத்திருந்தான். இன்று பெரிய வித்தியாசம் தெரியாது. 60-இல் 90 சதவீதம் 54, அதோடு 40, ஆக 94. ஆனால் இதே விகிதத்தை அவன் கடைசி வரை விட்டுவிட்டால்? 2055-இல் அந்த ஃபண்ட் 50 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். 60-இல் பாதி 30, அதோடு 40, ஆக 70. ஓய்வு பெறும் நாளில் பணத்தில் 70 சதவீதம் பங்கில் நிற்கும், அவனோ 50 என்று நினைத்துக்கொண்டிருப்பான். 2008-இல் 41 சதவீதம் இழந்த ஃபண்டின் கதைதான் மறுபடியும். "இது ஆட்டோமேட்டிக் என்றாயே, பாதியை மட்டும் ஆட்டோமேட்டிக்காக விட்டால் எப்படிடா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சரிப்பா, ஏதாவது ஒன்றை முடிவு செய்கிறேன்" என்றான். இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான்.

மகள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். LC50-இலேயே இருக்கட்டுமா, மாற்றட்டுமா என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ஒரு தாளில் அவள், மாப்பிள்ளை இருவரின் பி.எஃப்., என்.பி.எஸ்., ஃபண்ட், எஃப்.டி., வீட்டுக் கடன் எல்லாவற்றையும் எழுதி, மொத்தத்தில் பங்கு எவ்வளவு என்று கூட்டச் சொன்னேன். பி.எஃப். பெரிதாக இருந்ததால் குடும்பத்தின் மொத்தப் பணத்தில் பங்கு 19 சதவீதம்தான் வந்தது. தன் கணக்கில் 44 என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அந்த 19-ஐ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். என்ன முடிவு என்பது அவர்கள் வீட்டு விஷயம். அட்டவணை எடுத்த முடிவு அல்ல, அவர்கள் எடுத்தது. எனக்கு அது போதும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வதும் அந்த ஒரு தாள்தான். இந்த வாரம் வீட்டில் ஒரு தாளை எடுத்து, இடப் பக்கம் எங்கெங்கே பணம் இருக்கிறது என்றும், வலப் பக்கம் அதில் பங்கு எவ்வளவு என்றும் எழுதிக் கூட்டுங்கள். பென்ஷன் வருபவர்கள் அதை மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். என்.பி.எஸ்.ஸில் இருப்பவர்கள் எந்தப் பாதை என்று உள்ளே போய்ப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், அடுத்த முறை வீடியோ காலில் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, "உன் ஃபண்டில் ஓய்வு பெறும் வருடத்தில் பங்கு எத்தனை சதவீதம் இருக்கும்?" என்றும் கேளுங்கள். பி பிளாக் நண்பர் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். பையனுக்குத் தெரியவில்லையாம், பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

கூட்டும்போது எங்காவது இடறினால் ஏ பிளாக் இரண்டாவது மாடிக்கு வாருங்கள். காலையில் பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். எதை வாங்க என்று மட்டும் கேட்காதீர்கள். கூட்டிக் கொடுக்கிறேன்.